36-க்குப் பதில் 66: கன அளவுப் பாடத்தின் வரிசை பற்றி ஒரு திறந்த மடல்

கொங்கு வட்டாரத்துப் பள்ளிகளில் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், குறுவள மையக் கூட்டங்களில் எங்களுக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் கனச்செவ்வகத்தின் கன அளவுக்கு மாதிரி வகுப்பு ஒன்று காட்டினார்கள். முதல் பத்து நிமிடத்தில் கரும்பலகையில் l × b × h. அடுத்து மூன்று கணக்கு. கடைசியில் மூன்று பேரை முன்னால் அழைத்து, கட்டைகளை அடுக்கச் சொல்லி, "பாருங்கள், சூத்திரம் சொன்ன அதே எண் வருகிறது" என்று முடித்தார்கள். நேரமாகிவிட்டதால் அன்று என் கருத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். கட்டை வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அது சூத்திரத்துக்கு முன்னால் வர வேண்டும், எல்லாப் பிள்ளைகள் கையிலும் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 4 கட்டை, அகலம் 3 கட்டை, உயரம் 3 கட்டை. மொத்தம் 36 கட்டை. இந்தப் பெட்டியின் படத்தைக் கோடு கோடாகக் கட்டம் போட்டு வரைந்து, "இதில் எத்தனை கட்டை இருக்கிறது?" என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். அதுவரை அவர்கள் கன அளவு என்ற சொல்லையே கேட்டதில்லை. 36 என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் 33, 66, 24 என்று எழுதியிருந்தார்கள். தவறு என்று சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் அந்தப் பிள்ளை எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்கிறது.

33 என்று எழுதியவன் படத்தில் கண்ணுக்குத் தெரியும் சதுரங்களை எண்ணியிருக்கிறான். முன்பக்கம் 12, வலப்பக்கம் 9, மேல்பக்கம் 12. 66 என்று எழுதியவள் இன்னும் கெட்டிக்காரி. பின்னாலும் அடியிலும் இடப்பக்கமும் இதே அளவு இருக்கும் என்று யோசித்து இரண்டால் பெருக்கியிருக்கிறாள். 24 என்று எழுதியவன் மூலைக்கட்டையை ஒரே கட்டையாகப் பார்க்கத் தெரிந்தவன். படத்தில் தெரியும் கட்டைகளைச் சரியாக எண்ணிவிட்டான், பின்னால் மறைந்திருக்கும் 12 கட்டைதான் அவன் மனதில் இல்லை. ஆக 66-ஐ விட 24 ஒரு படி முன்னேறிய பதில். எண்ணாக மட்டும் பார்த்தால் இது தெரியாது.

இப்போது அந்த 66-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பதாம் வகுப்பு அளவியலில் கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்பு 2(lb + bh + lh). நம் பெட்டிக்கு அது 2 × (12 + 9 + 12), அதாவது 66. கன அளவு கேட்டால் புறப்பரப்புச் சூத்திரத்தைப் போட்டு 66 என்று எழுதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளி நண்பர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "இரண்டு சூத்திரத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள், இன்னும் நாலு தடவை எழுத வையுங்கள்" என்போம். சூத்திரம் மாறிப்போனது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாம் வகுப்பில் பெட்டியை ஆறு முகங்களாக மட்டும் பார்த்த பிள்ளை, ஒன்பதிலும் அதை ஆறு முகங்களாகவே பார்க்கிறது. நடுவில் யாரும் அந்தப் பெட்டியை நிரப்பிக் காட்டவில்லை. காலியாக இருக்கிற உள்பக்கத்துக்கு என்ன சூத்திரம் கொடுத்தாலும் அது ஒட்டாது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை இல்லை. பாட்டிஸ்டா, கிளெமென்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1996-இல் இதே விஷயத்தை எழுதினார்கள். கட்டைகளால் ஆன பெட்டியைப் பிள்ளைகள் முதலில் ஒன்றோடொன்று சேராத முகங்களாகப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் அடுக்குகளாகப் பார்க்கக் கற்கிறார்கள் என்பது அதன் சாரம். முகத்திலிருந்து அடுக்குக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் நம் வேலை.

நான் செய்தது இது. நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மூடியில்லாத அட்டைப்பெட்டி, உள்ளளவு 4 × 3 × 3 கட்டை. கட்டையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் நோட்டில் எத்தனை பிடிக்கும் என்று எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் பாதிப் பாடம் போய்விடும். எழுதி வைத்த எண் கண்முன் இருந்தால்தான், நிரப்பி முடித்ததும் "எப்படி இவ்வளவு குறைஞ்சுது?" என்ற கேள்வி தானாக வரும். அப்புறம் 40 கட்டை கொடுத்து நிரப்பச் சொன்னேன். 66 எழுதிய பிள்ளை நிரப்பி முடித்து, கையில் மீதி 4 கட்டையை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெட்டி இல்லாமல் மேசைமேல் அதே வடிவத்தில் அடுக்கினாள். ஒரு மூலைக்கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சாருங்க, இந்த ஒரு கட்டையவே மூணு தடவ எண்ணிப்போட்டேனுங்க. முன்னால ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, மேல ஒண்ணு."

"சரி, வேற?"

"நடுவுல ரெண்டு கட்டை இருக்குதுங்க. அதைய ஒருக்காக் கூட எண்ணலீங்க."

அவள் சொன்னது துல்லியமாகச் சரி. 4 × 3 × 3 பெட்டியில் எந்த முகத்திலும் தெரியாத கட்டைகள் நடுவில் இரண்டே இரண்டுதான். வெளியே மூலையிலும் விளிம்பிலும் இருப்பவை கூடுதலாக எண்ணப்படுகின்றன, உள்ளே இருப்பவை விட்டுப்போகின்றன. இந்த இரண்டு தவறையும் அவளே ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தாள். நான் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் போதாது. எல்லாக் கட்டையும் கையில் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணிவிடுவார்கள். பதில் சரியாக வரும், பெருக்கலுக்கு அவசியமே வராது. பல பள்ளிகளில் கட்டைச் செயல்பாடு நன்றாக நடந்தும் மறுநாள் ஒன்றும் நிற்காமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே இரண்டாவது பெட்டிக்குக் கட்டையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி 5 × 4 × 3. நிரப்ப 60 கட்டை வேண்டும். நான் கொடுத்தது 22. அடியில் ஓர் அடுக்கு பரப்ப 20, அதன்மேல் ஒரு மூலையில் உயரம் பார்க்க 2. "கட்டை பத்தலீங் சார்" என்று நாலு பக்கமும் குரல் வந்தது. "பத்தாதுதான். இருக்கிறதை வைத்துக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பது கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஐந்தாறு நிமிடம் கழித்து, கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றும் ஒருவருடைய மகன் எழுந்தான்.

"இது முட்டைப் பொட்டி மாதிரிங் சார். ஒரு அட்டைல முப்பது முட்டைங்க. ஏழு அட்டை வெச்சா பொட்டி ரொம்பிப்போகும். எரநூத்திப் பத்து."

நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது. ஓர் அட்டையில் 5-க்கு 6 என்று 30 குழி. பெட்டியில் 7 அட்டை. 210 முட்டையை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. அட்டையை எண்ணி 30-ஆல் பெருக்குகிறார்கள். "அப்ப இங்க அட்டை எது?" என்று மட்டும் கேட்டேன். அடியில் பரப்பிய 20 கட்டையைக் காட்டினான். எத்தனை அட்டை? மூலையில் நின்ற கட்டைகளைத் தொட்டு எண்ணி, மூன்று என்றான். 60.

அடுக்கு என்ற எண்ணம் வந்தது அங்கேதான். அதன்பிறகு அந்த வகுப்பில் எல்லாரும் அடுக்கை 'அட்டை' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். முட்டைப் பெட்டி எண்ணிக்கையைச் சொல்லும், கன அளவைச் சொல்லாது. முட்டைக்கும் முட்டைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. கட்டைகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பதால்தான் கட்டையின் எண்ணிக்கையே பெட்டியின் கன அளவாகிறது. இதையும் அன்றே சொல்லிவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

இன்னொரு குழு 22 கட்டையையும் வேறு மாதிரி வைத்திருந்தது. பெட்டியின் ஓரச் சுவரை ஒட்டி, 4 அகலம் 3 உயரமாக, செங்குத்தாக 12 கட்டையை நிறுத்தியிருந்தார்கள். நீளம் 5 என்பதால் இப்படி ஐந்து சுவர், 12 × 5 = 60. ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி. மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. நீளவாக்கில் 15 கட்டையாக நாலு சுவர். 20 × 3, 12 × 5, 15 × 4 மூன்றும் 60 என்று கரும்பலகையில் பிள்ளைகளே எழுதினார்கள். பெட்டியைச் சாய்த்துப் போட்டாலும் கட்டை குறையாது, கூடாது என்பதும், மூன்று எண்ணையும் எந்த வரிசையிலும் பெருக்கலாம் என்பதும் அவர்களுக்கு ஒரே விஷயமாகத் தெரிந்தது. சூத்திரத்தோடு ஆரம்பித்தால் "எது நீளம், எது அகலம் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த வகுப்பில் அந்தக் கேள்வி வரவில்லை.

மறுநாள் மூன்றாவது பெட்டி, 6 × 4 × 3. இந்த முறை கட்டையை இன்னும் குறைத்தேன். ஒரு மூலையிலிருந்து மூன்று விளிம்பிலும் ஒவ்வொரு வரிசை வைக்க மட்டும், 11 கட்டை. மூலைக்கட்டை மூன்று வரிசைக்கும் பொது. அதனால் 6 + 4 + 3 என்று 13 தேவையில்லை, இரண்டு குறைவு. இதில் ஒரு தவறு எதிர்பார்த்தே காத்திருக்க வேண்டும். சில பிள்ளைகள் மூலைக்கட்டையை நீளத்துக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொண்டு, அகலத்தை 3 என்றும் உயரத்தை 2 என்றும் எடுத்துக்கொள்வார்கள். 6 × 3 × 2 = 36 என்று பதில் வரும். 72-க்குப் பதில் 36 வந்தால், பெருக்கல் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூலைக்கட்டையில் விரலை வைத்து, "இது எந்த வரிசைக் கட்டை?" என்று கேளுங்கள். "மூணுக்குந்தானுங்க" என்று அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

நாலாவது பெட்டிக்குக் கட்டையே கிடையாது, அளவுகோல் மட்டும். எங்கள் கட்டை ஓர் அங்குலம் என்பதால் அங்குலத்தில் அளந்தார்கள். அப்போதுதான் கேட்டேன், இனி எந்தப் பெட்டி கொடுத்தாலும் என்ன செய்வீர்கள் என்று. "அடி அட்டைல எத்தனைன்னு பாக்கணுங்க, அதைய அட்டையோட எண்ணிக்கையால பெருக்கணுங்க" என்று ஒரு பெண் சொன்னாள். அடி அட்டையில் எத்தனை என்று எப்படித் தெரியும்? நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால். இரண்டாம் நாள் பாடவேளை முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது l × b × h கரும்பலகைக்கு வந்தது. l, b, h என்ற எழுத்துகள் மட்டும்தான் நான் கொடுத்தவை.

இங்கே ஒரு நுணுக்கம். அடி அட்டையில் 20 என்பது 20 சதுரம் இல்லை, 20 கட்டை. தரையில் வரைந்த ஒவ்வொரு சதுரத்தின் மேலும் ஒரு கட்டை நிற்பதால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறது. அவ்வளவுதான். "அடிப்பரப்பு பெருக்கல் உயரம்" என்று மேல்வகுப்பில் சொல்லும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் உயரம் வராதே என்று ஒரு புத்திசாலிப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா? ஓரலகு உயரமுள்ள அடுக்கு என்று தெரிந்தால் பதில் சுலபம். உயரம் இரண்டரை என்றாலும் இரண்டு அடுக்கும் ஓர் அரை அடுக்கும் என்று யோசிக்கலாம். பக்கங்கள் பின்னமாக இருந்தால் முழுக்கட்டை பொருந்தாது. அங்கே அறுத்த கட்டையும் படமும்தான் துணை. கட்டை வழியின் எல்லை அதுதான்.

புரிந்ததா என்று பார்க்க நான் வைக்கும் கேள்வி, நீள அகலம் கொடுத்துக் கன அளவு கேட்பது இல்லை. எட்டுக் கட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, 2 அங்குலப் பெரிய கட்டை ஒன்று செய்து வைத்திருக்கிறேன். 6 × 4 × 4 பெட்டியில் இந்தப் பெரிய கட்டை எத்தனை போகும்? சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் 96-ஐ 2-ஆல் வகுத்து 48 என்பார்கள். அடுக்கு தெரிந்தவர்கள் நீளத்தில் 3, அகலத்தில் 2, அடுக்கு 2, மொத்தம் 12 என்பார்கள். அடுத்து 5 × 4 × 4 பெட்டி. கன அளவு 80, பெரிய கட்டை 8, வகுத்தால் 10. ஆனால் பெட்டிக்குள் போவது 8 மட்டும். நீளத்தில் 1 அங்குலம் சந்து நின்றுவிடுகிறது. அந்தச் சந்தில் இரண்டு பெரிய கட்டைக்கான இடம் இருந்தும் ஒரு கட்டைகூட நுழையாது. இந்தக் கேள்வியில் எங்கள் பிள்ளைகள் போட்ட சண்டை மணியடித்த பிறகும் ஓயவில்லை. சாதம் வாங்கப் போகும் வரிசையிலும் தொடர்ந்தது.

கட்டைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. துண்டு மரம் அங்கே கிடைக்கும். ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சதுரமாக இழைத்த குச்சியை அறுத்து வாங்கினேன். ஆறு குழுவுக்குக் குழுவுக்கு 40 வீதம் 240 வேண்டும். ஒவ்வொரு அறுப்புக்கும் வாள் கொஞ்சம் மரத்தைத் தூளாக்கிவிடும் என்பதால் மொத்தம் 24 அடிக்குக் குறையாமல் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் ஏமாந்தது அறுப்பில். குச்சியின் இரண்டு பக்கம் சரியாக ஓர் அங்குலம் இருந்தது. அறுத்த பக்கம் மட்டும் ஒன்றுக்கொன்று கூடக் குறைய. பார்த்தால் கனச்சதுரம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு பக்கமாக அடுக்கினால் பெட்டியில் பொருந்தும், கட்டையைத் திருப்பி அடுக்கினால் பொருந்தாது. "பெட்டியைச் சாய்த்தாலும் அதேதான்" என்ற பாடமே அங்கே உடைந்துவிடும். பத்துக் கட்டையை அறுத்த பக்கம் ஒட்டும்படி ஒரு வரிசையாகவும், இன்னும் பத்தை இழைத்த பக்கம் ஒட்டும்படி பக்கத்திலேயே இன்னொரு வரிசையாகவும் வைத்துப் பாருங்கள். இரண்டு வரிசையின் முனையும் கால் கட்டைக்கு மேல் வித்தியாசப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அறுக்கும்போது வாளுக்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு கட்டையை நிலையாக நிறுத்தி, அதில் முட்ட வைத்து அறுக்கச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. காகிதத்தில் மடித்த கட்டை இரண்டாவது அடுக்கிலேயே நசுங்கிவிடுகிறது, அதை நம்ப வேண்டாம்.

இனி என் வேண்டுகோள். இந்தப் பாடத்துக்கு மாதிரித் திட்டத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறீர்கள். இரண்டாக்குங்கள். முதல் வேளையில் சூத்திரம் வரக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதுங்கள். இதை ஏன் எழுத்தில் கேட்கிறேன் என்றால், நான் முதல் நாள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பார்வைக்கு வந்த ஒருவர், கட்டைகளையும் பிள்ளைகளின் நோட்டில் இருந்த 33, 66, 24 எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "போர்டில் சூத்திரம் எங்கே? தப்பான விடையை ஏன் திருத்தாமல் விட்டிருக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். விளக்கிச் சொன்னேன். அவர் பார்வைப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அன்று மாலை நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மறுநாள் பிள்ளைகள் தாங்களாகவே சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் அது தீர்ந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஓர் ஆசிரியராக இருந்தால் மறுநாளே கட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்.

ஆகையால் பார்வைப் படிவத்தில் இந்தப் பாடத்துக்கு மட்டுமாவது, "பிள்ளைகள் நிரப்புவதற்கு முன் தங்கள் கணிப்பை எழுதினார்களா? இரண்டாவது பெட்டிக்குக் கட்டை குறைத்துக் கொடுக்கப்பட்டதா?" என்ற இரண்டு கேள்வியைச் சேர்த்துக்கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு என்னிடம் உள்ள 240 கட்டையையும் நாலு பெட்டியையும் எடுத்து வருகிறேன். மாதிரி வகுப்பாக இல்லாமல், ஆசிரியர்களாகிய நாமே குழுவாக உட்கார்ந்து 22 கட்டையை வைத்து 60-ஐக் கண்டுபிடித்துப் பார்ப்போம். பக்கத்துப் பள்ளிகளில் யாருக்காவது ஒரு வாரத்துக்குக் கட்டை வேண்டுமென்றாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எண்ணித் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
நாமக்கல் மாவட்டத்து நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்